இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்

2006இல் எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. கோயம்புத்தூரில் மாமியார் வீட்டில் இருந்தேன். அன்றைக்கு அத்தையும் மாமாவும் ஒரு விசேஷத்துக்காகப் பொள்ளாச்சி போயிருந்தார்கள், வீட்டில் நான் மட்டும்தான். பதினொன்றரை மணி இருக்கும், வாசலில் பெரியப்பா நிற்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து விடியற்காலையிலேயே பஸ் பிடித்து, சிங்காநல்லூரில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் வந்திருக்கிறார். அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவர். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, "சாப்பிடுறீங்களா பெரியப்பா?" என்று கேட்டேன். "வேண்டாம் தாயி, இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்" என்றார். சரி என்று காபி போட்டுக் கொடுத்தேன். ஒரு மணிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ரெண்டு நாள் கழித்து அம்மா போன் செய்தாள். பெரியப்பா என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. பேச்சுவாக்கில், திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ரெண்டு புரோட்டா சாப்பிட்டதாகவும் அதுதான் அன்றைக்கு அவருடைய முதல் சாப்பாடு என்றும் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பெரியம்மா அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"நான் கேட்டேனே அம்மா" என்றேன்.

"அதான் தப்பு. எவ கேக்கச் சொன்னா? வந்தவங்ககிட்ட சாப்பிடுறீங்களான்னு கேட்டா என்ன சொல்லுவாங்க? இலையைப் போட்டுட்டுக் கை கழுவச் சொல்லணும்."

அந்தப் பேச்சுக்கு அப்புறம் பல வருஷம் வீட்டுக்கு வந்து போகிறவர்களையும், நாங்கள் போகிற வீடுகளையும் கவனித்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் புரிந்ததை, என் தப்புகளோடு சேர்த்து எழுதுகிறேன். எங்கள் தெற்குப் பக்கமும் நான் வாழவந்த கோவைப் பக்கமும்தான் எனக்குத் தெரிந்த உலகம்.

பெரியப்பா ஏன் அன்றைக்கு வேண்டாம் என்றார்? முதல் காரணம், அது பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு. பிறந்த வீட்டு ஆட்கள் அங்கே வந்து உரிமையாக உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்படுவார்கள். நாளைக்கு அந்தப் பெண்ணை யாரும், "உங்க ஆளுங்க வந்தா சாப்பாட்டுக்குத்தான் வர்றாங்க" என்று சொல்லிவிடக் கூடாது என்கிற பயம் அது. இரண்டாவது, வீட்டில் பெரியவர்கள் இல்லை. அரிசிப் பானையில் எவ்வளவு இருக்கிறது, புதுப் பெண்ணுக்கு அடுப்படியில் எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதனால் எனக்குச் சங்கடம் வராத ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, நான் மறுபடி கூப்பிடுகிறேனா என்று காத்திருந்திருக்கிறார். நானோ ஒரே வார்த்தையில் விட்டுவிட்டேன்.

அந்த முதல் "வேண்டாம்" எதற்கு என்று அம்மா விளக்கினபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. எங்கள் வீட்டில் நாங்கள் ஆறு பேர். அம்மா மதியத்துக்கு ஒரு படி அரிசி போடுவாள், மிஞ்சினதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலைக்குப் பழையது. அந்தக் கணக்கில் விருந்தாளிக்கு என்று தனியாக எதுவும் கிடையாது. மதியம் ஒன்றரை மணிக்கு ரெண்டு பேர் வந்து நின்றால், முதலில் போவது அம்மாவின் பங்கு, ஏனென்றால் கடைசியாகச் சாப்பிடுகிறவள் அவள்தான். திரும்ப உலை வைக்க விறகடுப்பில் முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரை வந்தவர்கள் காத்திருக்க வேண்டும். இது வருகிறவர்களுக்கும் தெரியும், அவர்கள் வீட்டிலும் அதே கணக்குத்தானே. அதனால்தான் வந்தவுடன் அவர்கள் முந்திக்கொண்டு, "இப்பத்தான் சாப்பிட்டோம்" என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் வீட்டுக்காரி இல்லை என்று வாய்விட்டுச் சொல்லாமல் தப்பித்துக்கொள்ள அது ஒரு வழி.

அதற்கு வீட்டுக்காரி சொல்லும் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. "அட, அதெல்லாம் முடியாது, கை கழுவுங்க" என்றால் சோறு இருக்கிறது என்று அர்த்தம். "அப்ப ஒரு வாய் காபியாவது குடிச்சுட்டுத்தான் போகணும்" என்று காபிக்கு இறங்கிவிட்டால் இன்றைக்கு முடியாது என்று அர்த்தம், வந்தவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். ரெண்டு பக்கமும் யாருக்கும் தலைகுனிவு இல்லை. நான் பெரியப்பாவுக்குக் காபி கொடுத்தேன் பாருங்கள், அதை அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார். அடுப்பில் சாம்பார் இருந்தது, குக்கரில் சோறு இருந்தது. இல்லை என்று நானே என்னை அறியாமல் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சில சமயம் வீட்டில் உண்மையாகவே இருக்காது, ஆனாலும் அம்மா விடமாட்டாள். வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "எதுத்த வீட்டுல போய் உப்பு வாங்கிட்டு வா" என்பாள். உப்பு என்றால் உப்பில்லை, கொல்லைப்பக்கமாகப் போய் எதிர்வீட்டு அத்தையிடம் ஒரு கிண்ணம் சோறும் கொஞ்சம் குழம்பும் வாங்கி வர வேண்டும். அதற்குள் அம்மா ரெண்டு அப்பளம் பொரிப்பாள், முட்டை இருந்தால் ஒரு ஆம்லெட், ரசத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் கொஞ்சம் மிளகுப்பொடியும். இந்த மூன்றும் இருந்தால் பத்து நிமிஷத்தில் ரெண்டு இலை நிறைந்துவிடும். ஆனால் அந்த மாதிரி நாட்களில் அம்மா கடைசியில் என்ன சாப்பிட்டாள் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இப்போது அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. யார் வீட்டிலாவது முன்னறிவிப்பு இல்லாமல் போய் நின்று, அங்கே நன்றாக வற்புறுத்தி உட்காரவைத்தால், நான் முதலில் பார்ப்பது அந்த வீட்டுப் பெண்ணுக்கு மிச்சம் இருக்கிறதா என்றுதான். "நீங்களும் எங்களோடயே உட்காருங்க" என்று சொல்லிப் பாருங்கள். உடனே உட்கார்ந்தால் போதுமான அளவு இருக்கிறது. "நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன், நீங்க சாப்பிடுங்க" என்று ரெண்டு தடவை நழுவினால் அடுத்த கரண்டியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், உண்மையாகவே.

சரி, ஒருவர் வேண்டாம் என்னும்போது அது மரியாதைக்கா, மனசாரவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குக் கிடைத்த ஒரு நல்ல அடையாளம், அவர்கள் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது. "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்", "இருக்கட்டும்ங்க, பரவாயில்ல", "வந்ததே போதும்" என்றெல்லாம் சொல்லும்போது அவர்கள் பேசுவது உங்கள் சிரமத்தைப் பற்றி. அப்படியென்றால் அந்தச் சிரமம் இல்லை என்று நீங்கள் காட்டினால் உட்கார்ந்துவிடுவார்கள். "வயிறு ரெண்டு நாளா சரியில்ல", "இன்னைக்கு சஷ்டி விரதம்", "மாத்திரை போட்டிருக்கேன், கொஞ்ச நேரம் எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்பவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிப் பேசுகிறார்கள். அங்கே வற்புறுத்தக் கூடாது. "இருக்கட்டும்" என்கிற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள், அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை.

"இப்பத்தான் சாப்பிட்டேன்" மட்டும் ரெண்டுக்கும் நடுவில் நிற்கும். அதற்கு அத்தை எனக்கு ஒரு வழி காட்டினார். எங்கே, என்ன சாப்பிட்டீர்கள் என்று சாதாரணப் பேச்சாகக் கேட்பார். சாப்பிட்டவர்கள் உடனே, "அக்கா வீட்ல இட்லி, கூட வடையும் போட்டுட்டா, இன்னும் நெஞ்சுலயே நிக்குது" என்று விலாவாரியாகச் சொல்வார்கள். சாப்பிடாதவர்கள், "அது... வர்ற வழியில ஏதோ சாப்பிட்டோம்" என்பார்கள். விசாரணை மாதிரி கேட்கக் கூடாது, மோர் கலக்கிக்கொண்டே கேட்க வேண்டும். கொண்டுவந்த பையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் பார்ப்பார். கையிலேயோ மடியிலேயோ பை இருந்தால் அவர்களுக்கு உண்மையாகவே நேரமில்லை, பஸ் இருக்கிறது. பையைச் சுவரோரம் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர்கள், வாய் என்ன சொன்னாலும் கூப்பிட்டால் வருவார்கள்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொன்னால் இன்னும் விளங்கும். கணவருக்குத் தெரிந்த ஒரு வயதான தம்பதி, பொள்ளாச்சி பக்கம் ஒரு கிராமம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், ஒரு நிலப் பத்திரத்தின் நகலைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மதியம் ஒன்றே காலுக்கு வந்தார்கள். வரப்போவதாகச் சொல்லவில்லை. நாங்கள் மூன்று பேருக்குச் சமைத்திருந்தோம், மகள் காலேஜில் இருந்தாள், அவள் பங்கு இருந்தது. சாம்பார், பீர்க்கங்காய்ப் பொரியல், ரசம்.

சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். அம்மாள் முழுச் சொம்பையும் குடித்தார். அதுவே எனக்குப் பாதி பதில். "சாப்பிடலாம் வாங்க" என்றேன், "சாப்பிடுறீங்களா" என்று கேட்கவில்லை. "அதெல்லாம் வேண்டாமுங், இப்பத்தானுங் ஆச்சு" என்றார் ஐயா. எத்தனை மணிக்கு வீட்டில் கிளம்பினீர்கள் என்று கேட்டேன். ஆறு மணிக்குக் கிளம்பினார்களாம், ரத்தம் எடுக்க வெறும் வயிற்றில் வரச் சொன்னதால் காபிகூடக் குடிக்கவில்லையாம், ரத்தம் கொடுத்த பிறகு ரெண்டு இட்லி சாப்பிட்டார்களாம். அது ஒன்பது மணிக்கு. நான் குக்கரில் ஒரு டம்ளர் அரிசி வைத்துவிட்டு வந்து, "நாங்களும் இன்னும் சாப்பிடலைங்க, உங்களோட சேர்ந்தே உக்காந்துக்கறோம்" என்றேன். அந்த ஒரு வாக்கியம் எத்தனையோ வீடுகளில் வேலை செய்திருக்கிறது. அவர்களுக்காகத் தனியாக ஒரு வேலையும் நடக்கவில்லை, வேண்டாம் என்றால் எங்கள் சாப்பாடும் தள்ளிப்போகும் என்று ஆகிவிடுகிறது. ஐயா அம்மாளைப் பார்த்தார். "சரி, ஒரு வாய்" என்றார் அம்மாள். ஒரு வாய் என்றால் ஒரு முழுச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பரிமாறும்போது அடுத்த சுற்று ஆரம்பிக்கும். முதலில் கொஞ்சமாகத்தான் சோறு வைப்பேன், இலையில் மலைபோல் குவித்துவிட்டால் வீணாக்க மனமில்லாமல் திணறுவார்கள். மறுசோறு போடும்போது "போடட்டுமா?" என்று கேட்கக் கூடாது. அதுவும் பெரியப்பாவிடம் நான் கேட்ட அதே தப்பான கேள்விதான். "ரசத்துக்குக் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே கரண்டியைக் கொண்டுபோக வேண்டும். ரசத்துக்குச் சோறு வேண்டும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். அப்போது கையைப் பாருங்கள். உள்ளங்கையை இலைக்கு ஒரு சாண் மேலே பிடித்து, "போதும் போதும்" என்றால் ஒரு அரைக் கரண்டிக்கு இடம் இருக்கிறது, அவர்களே விரலை விரித்து வழிவிடுவார்கள். உடம்போடு முன்னால் குனிந்து ரெண்டு கையாலும் இலையை மூடினால் அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஊற்றினால் அது உபசாரம் இல்லை, தொந்தரவு. மோருக்கு வந்துவிட்டால் சாப்பாடு முடிகிறது, மோருக்குப் பிறகு சாம்பாரைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

ஐயா அன்றைக்கு ரெண்டாவது கரண்டிக்கே இலையை மூடினார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அம்மாள் மெதுவாகச் சொன்னார், சர்க்கரை இருக்கிறதாம், டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாராம். பொரியலை இன்னும் கொஞ்சம் வைத்தேன், அதை ஆசையாகச் சாப்பிட்டார். ஏதாவது ஒன்றை நான் இன்னொரு தடவை வைத்துவிட்டேன், அவரும் ஒன்றை வாங்கிக்கொண்டார், ரெண்டு பேருக்கும் நிறைவாக இருந்தது.

சர்க்கரை என்றதும் மாமாவின் ஞாபகம் வருகிறது. என் நாத்தனார் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மாமா ஒரே நாளில் ஏழு வீடு ஏறி இறங்கினார். அவருக்கு அப்போதே பத்து வருஷமாகச் சர்க்கரை. ஒவ்வொரு வீட்டிலும் முதலில் வேண்டாம் என்பார், "நல்ல காரியத்துக்கு வந்துட்டு வெறும் வாயோட போறதா, ஒரு நாள்ல என்ன ஆயிரும்" என்பார்கள், ஒரு காபியும் ஒரு லட்டோ மைசூர்பாகோ வந்துவிடும். ஒற்றையாக வைக்கக் கூடாது என்று சில வீடுகளில் ரெண்டாக வைத்தார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்தபோது அவருக்குத் தலை சுற்றியது, அடிக்கடி பாத்ரூம் போனார், மெஷினில் பார்த்தால் 380க்கு மேல் காட்டியது. அந்த ராத்திரி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த ஏழு வீட்டுக்காரர்கள் மேலும் கோபம் வந்தது, மாமா மேலும் வந்தது. அப்புறம் யோசித்தால் யார் மேலும் குற்றமில்லை. அவர் சொன்ன "வேண்டாம்" அவர்கள் காதில் வழக்கமான வேண்டாமாகத்தான் விழுந்திருக்கும். அவர் ஒரு இடத்திலும் சர்க்கரை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, கல்யாண வீட்டுக்காரர் நோயைப் பற்றிப் பேசக் கூடாது என்று நினைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் முறையை மாற்றினோம். போவதற்கு முன்னால் நான் போன் செய்து, "அத்தை, நாங்க நாலு மணிக்கு வர்றோம், மாமாவுக்குச் சர்க்கரை, அவருக்கு உப்புப் போட்டு மோர் மட்டும் குடுங்க" என்று சொல்லிவிடுவேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை, என்ன வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வெறும் வேண்டாமை எந்த வீட்டுக்காரியாலும் தாங்க முடியாது, அவள் கைக்கு ஏதாவது வேலை வேண்டும். மோர் கேளுங்கள், சர்க்கரை போடாத எலுமிச்சை ஜூஸ் கேளுங்கள், அதுவும் முடியாதென்றால், "இந்த முறுக்கை ஒரு கவர்ல போட்டுக் குடுங்க, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுறேன்" என்று சொல்லுங்கள், அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். வந்த இடத்தில் சொல்வதாக இருந்தால் தட்டு வருவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். தட்டில் வைத்துக் கொண்டுவந்த பிறகு சொல்கிற காரணம் எதுவும் காரணமாகப் படாது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. இன்சுலின் போட்டுக்கொண்டு வந்தவர் மரியாதைக்காக வேண்டாம் என்று சொல்லிச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும். சர்க்கரை உள்ளவர்கள் என்று தெரிந்தால் நான் இப்போதெல்லாம் சுற்றி வளைப்பதில்லை. "ஊசி போட்டாச்சா, எத்தனை மணிக்குச் சாப்பிடணும்?" என்று நேராகவே கேட்டுவிடுகிறேன். கேட்கக் கூடாது என்று அம்மா சொன்னதை நான் மீறும் இடம் இது ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது எளிதாக எழுத வருகிற விஷயமில்லை. ஒன்பதாவது படிக்கும்போது என் வகுப்புத் தோழி வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊரில் அவர்கள் தெருவைக் காலனி என்பார்கள், எங்கள் தெரு ஆட்கள் அங்கே போவதும் இல்லை, அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதும் இல்லை. எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மா, "சாப்பிடுறியா பாப்பா?" என்றார். எங்கள் வீட்டில் பழகின பழக்கத்தில், "வேண்டாம்மா, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றேன். எனக்கு நல்ல பசி. அடுத்த தடவை கூப்பிடுவார், சரி என்று உட்காரலாம் என்று காத்திருந்தேன். அவர் கூப்பிடவில்லை. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். தோழி என்னைப் பார்க்காமல் புத்தகத்தைப் பிரித்தாள்.

நான் சொன்ன அதே வார்த்தைக்கு அந்த வீட்டில் வேறு அர்த்தம் இருந்தது. பரம்பரையாக எங்கள் தெரு ஆட்கள் அவர்களிடம் சொன்ன வேண்டாம், உன் கையால் வாங்க மாட்டேன் என்கிற வேண்டாம். அப்படிப்பட்ட ஒரு பதிலுக்குப் பிறகு யார் ரெண்டாவது தடவை கூப்பிடுவார்கள்? வற்புறுத்துவதற்கும் ஒரு நம்பிக்கை வேண்டும், மறுபடி கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்கிற நம்பிக்கை. எங்கள் ஆட்கள் அவர்களுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்ததே இல்லை. ஆகஸ்ட் 15 அன்றைக்குக் கோயில்களில் அரசாங்கம் சமபந்தி விருந்து வைக்கிறது, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் ஒரு வீட்டு அடுப்படியிலிருந்து வந்த சோற்றை வாங்கிச் சாப்பிடுவது அதைவிடப் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த வாரம் மறுபடி போனேன். வாசலில் நின்றபடியே, "அம்மா, தண்ணி குடுங்க" என்று நானே கேட்டேன். குடித்துவிட்டு, "என்ன குழம்பு?" என்றேன். கருவாட்டுக் குழம்பு என்றார் தயங்கிக்கொண்டே. "எனக்கும் போடுங்க" என்றேன். அன்றைக்குச் சாப்பிட்டு முடிக்கும் முன்னால் மூன்று தடவை, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, சோறு வைத்தார். அந்த மூன்று தடவை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தெரியவில்லை. சாதி குறுக்கே நிற்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த முதல் வேண்டாமைச் சொல்லவே சொல்லாதீர்கள். தண்ணீரை நீங்களே கேளுங்கள்.

வேண்டாம் என்பது முடிவாகவே இருக்கும் இடங்களும் உண்டு. எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போகிறவர்கள், பேச்சு முடிவாகும் வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பலகாரமும் காபியும் சரி, சோறு மட்டும் கூடாது. அங்கே வற்புறுத்தினால் சம்பந்தத்துக்கு அவசரப்படுகிறார்கள் என்று ஆகிவிடும், அதனால் பெண் வீட்டாரும் ஒரு தடவைக்கு மேல் கூப்பிடுவதில்லை. "கை நனைச்சுட்டாங்க" என்று சேதி வந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பேச்சுவார்த்தை அறுந்துபோன பங்காளிகள் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தாலே ஊர் அதைப் பேசும்.

என் மகளுக்கு இதெல்லாம் பிடிக்காது. வேண்டும் என்றால் கேட்பார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே என்பாள். அவள் தோழிகள் வந்தால் நான் அவள் சொல்படியே நடக்கிறேன். ஒரே தடவைதான் கூப்பிடுவேன், அப்புறம் தோசையைச் சுட்டு ஹாட்பாக்ஸில் வைத்து, பக்கத்தில் தட்டுகளையும் சட்னியையும் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால் ஹாட்பாக்ஸ் காலியாக இருக்கும். வயதானவர்களிடம் அது நடக்காது. அவர்கள் யாராவது கையைப் பிடித்து இழுக்காமல் ஹாட்பாக்ஸைத் தொடவே மாட்டார்கள்.

பெரியப்பா 2010இல் மறுபடி வந்தார், இளைய மகள் கல்யாணம். இந்தத் தடவை முதல் நாளே போன் செய்திருந்தார். சொம்புத் தண்ணீரை அவர் கையில் கொடுத்துவிட்டு, நான் நேராகப் பின்கட்டுக்குப் போய் இலை நறுக்கி வந்து, தண்ணீர் தெளித்துத் துடைத்துப் போட்டேன். உப்பும் ஊறுகாயும் வைத்தேன், சோற்றுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எதுக்குத் தாயி சிரமம், இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கை கழுவத் தொட்டிப் பக்கம் போனார்.